ஒரு ரிவ்யூ கட்டுரையை மேய்ந்து ஆய்வேட்டின் பின்னணிக்கு வரைபடம் எடுப்பது: சாயநீக்க ஆய்வை வைத்து ஒரு முழு வழிகாட்டி

என் எம்.ஃபில். வைவாவில் வெளித்தேர்வாளர் என் இரண்டாம் அத்தியாயத்தைப் புரட்டினார். நாற்பது பத்திகள். ஒவ்வொன்றும் "இன்னார் இந்த ஆண்டில் இந்தப் பொருளைக் கொண்டு இந்தச் சாயத்தை நீக்கினார்" என்று தொடங்கியது. அவர் கேட்டது ஒரே கேள்வி. "இந்த நாற்பதில் உங்கள் வேலைக்கு நேர் முன்னால் நிற்பது எதும்மா?" பதில் சொல்ல முடியவில்லை. நாற்பது தாள்களையும் நான் பார்த்திருந்தேன். ஆனால் எது எதன் பக்கத்தில் இருக்கிறது என்று ஒருபோதும் வரைந்து பார்த்ததில்லை.

இன்று என்னிடம் வரும் மாணவர்களுக்கு அந்த வரைதலைத்தான் முதலில் சொல்லித் தருகிறேன். அதற்கு ஐம்பது தாள்களைப் படித்திருக்க வேண்டியதில்லை. நல்ல ரிவ்யூ கட்டுரை ஒன்றும், இரண்டு முழு நாட்களும், ஒரு பெரிய தாளும் இருந்தால் போதும். பொதுவாகச் சொன்னால் பிடிபடாது என்பதால், நம் ஊர் வேதியியல் துறைகளில் அடிக்கடி எடுக்கப்படும் ஒரு தலைப்பையே எடுத்துக்கொள்கிறேன்: மலிவான கவர்பொருளைக் கொண்டு, அதாவது சாயத்தைத் தன் மேற்பரப்பில் பிடித்துவைக்கும் பொருளைக் கொண்டு, நீரிலிருந்து சாயத்தை நீக்குவது. ரிவ்யூ கட்டுரையாக, கிரெகோரியோ க்ரினி 2006 இல் பயோரிசோர்ஸ் டெக்னாலஜி இதழில் எழுதியதை வைத்துக்கொள்வோம். 25 பக்கம். சுமார் 210 ஆய்வுத்தாள்களைப் பார்த்து எழுதியதாக அதன் சுருக்கமே சொல்கிறது. இத்துறையில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் ஒன்று அது.

பி.டி.எஃப். திறப்பதற்கு முன்

உங்கள் தலைப்பை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அதில் மூன்று இடங்கள் நிரம்பியிருக்க வேண்டும்: எந்தப் பொருள், எந்தச் சாயம், எந்த நீர். நம் எடுத்துக்காட்டு மாணவியின் வாக்கியம் இது: "தென்னை நார்க்கழிவிலிருந்து செய்த கார்பன், ரியாக்டிவ் வகைச் சாயத்தை, உப்பு மிகுந்த சாயப்பட்டறைக் கழிவுநீரிலிருந்து எவ்வளவு பிடிக்கும்?"

இது இல்லாமல் ரிவ்யூவுக்குள் நுழைந்தால் எல்லாமே முக்கியமாகத் தெரியும். மஞ்சள் ஹைலைட்டரால் பாதிப் பக்கம் நிறைந்துவிடும். மூன்று இடங்களில் ஒன்று இன்னும் முடிவாகவில்லை என்றால் அங்கே கேள்விக்குறி போட்டுவிட்டுத் தொடருங்கள். வரைபடம் முடியும்போது அந்த இடம் பெரும்பாலும் தானே நிரம்பிவிடும்.

முதல் இருபது நிமிடம்: எல்லையும் சாய்வும்

சுருக்கம், உட்தலைப்புகள், முடிவுரை. இந்த மூன்றை மட்டும் படியுங்கள். நடுவில் ஒரு பத்தியைக்கூடப் படிக்காதீர்கள். இந்தச் சுற்றில் தேடுவது இரண்டு விஷயங்களை.

ஒன்று, எல்லை. 2006 இல் அச்சான கட்டுரை என்றால் அதற்குள் இருக்கும் உலகம் 2005 வாக்கில் முடிந்துவிடுகிறது. நீங்கள் வரையப்போகும் பெரிய தாளின் வலது மேல் மூலையில் "2005 வரை" என்று எழுதிவிடுங்கள். சின்ன வேலைதான். ஆனால் ஆறு மாதம் கழித்து "இதைப் பற்றி யாரும் ஆய்வு செய்யவில்லை" என்று எழுதக் கை போகும்போது, அந்த மூலை உங்களைத் தடுக்கும்.

இரண்டு, ஆசிரியரின் சாய்வு. க்ரினியின் சுருக்கம், சைட்டோசன் நம்பிக்கை தரும் கவர்பொருளாக இருக்கலாம் என்று முடிகிறது. சைட்டோசன் என்பது இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படும் ஒரு பாலிசாக்கரைடு. அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் பாலிசாக்கரைடு கவர்பொருட்களைப் பற்றித் தனியாகவே ஒரு ரிவ்யூ எழுதியிருந்தார். இதனால் அவர் சொல்வது பிழை என்று ஆகாது. தனக்கு நன்றாகத் தெரிந்த மூலையை ஒருவர் விரிவாக எழுதுவது இயல்புதான். ஆனால் அந்த மூலை அடர்த்தியாகவும் மற்றவை மெலிந்தும் தெரிந்தால், அதை துறையின் நிலையாக நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆகவே எந்த ரிவ்யூவை எடுத்தாலும், ஆசிரியர் அதற்கு முன் எழுதிய நாலைந்து தாள்களின் தலைப்பை மட்டுமாவது பார்த்துவிடுங்கள்.

உட்தலைப்புகளில் இன்னொன்றும் தெரியும். க்ரினி பொருட்களை அவை எங்கிருந்து வந்தன என்பதை வைத்துப் பிரிக்கிறார்: கழிவிலிருந்து செய்த கார்பன், வேளாண் கழிவு, தொழிற்சாலைக் கழிவு, களிமண்ணும் சியோலைட்டும், உயிர்வழிக் கவர்பொருட்கள். அது அவருடைய அச்சு. நம் மாணவியின் கேள்வியோ சாயத்தின் வகையைப் பற்றியது. இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ரிவ்யூவின் பிரிவுகளை அப்படியே தம் அத்தியாயத்தின் உட்தலைப்புகளாக வைத்துவிடுகிறார்கள். பிறகு என்ன எழுதினாலும் அது க்ரினியின் கட்டுரைக்குச் சுருக்கமாகத்தான் முடியும்.

கட்டம் போடுவது

இப்போது ஏ3 தாளைக் கிடைமட்டமாக வையுங்கள். எக்செல் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் முதல் தடவை கையால் போடுவதே நல்லது. ஒட்டுமொத்தமும் ஒரே பார்வையில் விழ வேண்டும். இடப்பக்கம் மேலிருந்து கீழாகக் க்ரினியின் பொருள்வகைகள். மேலே இடமிருந்து வலமாக நம்முடைய அச்சு: பேசிக் சாயங்கள், ஆசிட் மற்றும் டைரக்ட் சாயங்கள், ரியாக்டிவ் சாயங்கள். இந்தப் பிரிவு ஏன் என்றால், பேசிக் சாயம் நீரில் நேர்மின்னேற்றம் கொண்டது, மற்றவை எதிர்மின்னேற்றம் கொண்டவை. ஒரு பொருள் சாயத்தைப் பிடிக்குமா என்பதைப் பெரும்பாலும் இதுவே தீர்மானிக்கிறது.

இனி நேராக அட்டவணைகளுக்குப் போங்கள். ரிவ்யூ கட்டுரையில் மிகவும் அடர்த்தியான பகுதி அதுதான். ஒவ்வொரு வரியையும் அதற்குரிய கட்டத்தில் ஒரு புள்ளியாக வையுங்கள், பக்கத்தில் முதல் ஆசிரியர் பெயரின் மூன்றெழுத்தும் ஆண்டும்.

ஒரு தடங்கல் வரும். அட்டவணையில் "மெத்திலீன் ப்ளூ", "காங்கோ ரெட்" என்று வணிகப் பெயர்தான் இருக்கும், எந்த வகை என்று இருக்காது. அதற்குக் கலர் இண்டெக்ஸ் பெயரைத் தேடுங்கள். மெத்திலீன் ப்ளூவின் பெயர் `Basic Blue 9`. காங்கோ ரெட் `Direct Red 28`. ரோடமின் பி `Basic Violet 10`. பெயரின் முதல் சொல்லிலேயே வகை இருக்கிறது. பத்துச் சாயங்களுக்கு இதைச் செய்துவிட்டால் அட்டவணையில் பெரும்பகுதி இடம்பிடித்துவிடும், ஏனென்றால் இத்துறையில் ஒரே சில சாயங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

எண்களை என்ன செய்வது

அட்டவணையில் கண் முதலில் போவது கொள்ளளவு எண்ணுக்குத்தான், அதாவது ஒரு கிராம் பொருள் எத்தனை மில்லிகிராம் சாயத்தைப் பிடித்தது என்பதற்கு. அந்த எண்களை வைத்துத் தரவரிசை போடுவதுதான் நான் பார்க்கும் மிகப் பொதுவான பிழை.

ஒரே ஒரு ஜோடியைப் பார்ப்போம். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் நமசிவாயமும் கவிதாவும் தென்னை நார்க்கழிவுக் கார்பனால் காங்கோ ரெட்டை நீக்கி 2002 இல் வெளியிட்ட ஆய்வில் கொள்ளளவு கிராமுக்கு 6.7 மி.கி. அதே காலகட்டத்தில் தைவானில் சியோவும் லீயும் குறுக்கிணைப்புச் செய்த சைட்டோசன் மணிகளில் ரியாக்டிவ் ரெட் 189 என்ற சாயத்துக்குக் கண்டது கிராமுக்கு 1,800 மி.கி.யைத் தாண்டியது. இரண்டையும் அடுத்தடுத்து எழுதினால் நார்க்கழிவு எதற்கும் உதவாது என்று தோன்றும். ஆனால் சாயம் வேறு, சாயத்தின் வகை வேறு, தொடக்கச் செறிவும் பி.எச். அளவும் வேறு. சைட்டோசன் எண் பி.எச். 3 இல் கிடைத்தது. அமிலத்தில் சைட்டோசனின் அமீன் தொகுதிகள் நேர்மின்னேற்றம் பெற்று, எதிர்மின்னேற்றச் சாயத்தை இழுத்துக்கொள்கின்றன. பட்டறையிலிருந்து வரும் ரியாக்டிவ் சாயக்கழிவோ பொதுவாகக் காரத்தன்மை உள்ளது. ஆகவே அந்த 1,800 என்ற எண் பட்டறை வாசலில் என்ன ஆகும் என்பதை அட்டவணை சொல்வதில்லை. இப்படி எல்லாப் பொருட்களையும் ஒரே நிபந்தனையில் ஒப்பிட்ட முழு ஆய்வுகள் குறைவு என்று க்ரினியும் குறிப்பிடுகிறார்.

அதனால் கட்டத்தில் எண்ணை எழுதினால், கூடவே நிபந்தனையையும் எழுதுங்கள். பி.எச்., தொடக்கச் செறிவு இரண்டு போதும். ரிவ்யூவில் நிபந்தனை இல்லையென்றால் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். "மூலத்தாளைப் பார்க்காமல் எழுதக் கூடாது" என்று அந்த வட்டத்துக்குப் பொருள்.

இன்னொரு குறியும் வேண்டும். ஆய்வகத்தில் தூய நீரில் ஒரே சாயத்தைக் கரைத்துச் செய்ததா, நிஜக் கழிவுநீரில் செய்ததா? நிஜக் கழிவுநீர் என்றால் புள்ளியின் கீழே ஒரு கோடு. நான் இதுவரை மாணவர்களோடு போட்ட சாயக் கட்டங்கள் எல்லாவற்றிலும் அந்தக் கோடுகள் மிகக் குறைவாகவே விழுந்தன.

வாக்கியங்களை இப்போதுதான் படிக்க வேண்டும்

கட்டம் நிரம்பிய பிறகு, உங்கள் கேள்வி விழும் கட்டத்தைச் சிவப்பால் சுற்றுங்கள். நம் மாணவிக்கு அது கழிவுக் கார்பன் வரிசையும் ரியாக்டிவ் நெடுவரிசையும் சந்திக்கும் இடம். அந்தக் கட்டத்தையும் அதை ஒட்டிய கட்டங்களையும் பற்றி ரிவ்யூவில் உள்ள பத்திகளை மட்டும் முழுதாகப் படியுங்கள். மற்றவற்றில் ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் போதும்.

கூடவே தேடல் பெட்டியில் `however`, `contrast`, `controvers`, `few`, `mechanism` என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். ஆசிரியர்கள் கருத்து வேறுபடும் இடங்களும், தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் இடங்களும் இந்தச் சொற்களைச் சுற்றித்தான் இருக்கும். ஒரே விஷயத்தில் இரண்டு தாள்கள் எதிரெதிராகச் சொன்னால் அந்த இரு புள்ளிகளையும் அம்புக்குறியால் இணையுங்கள். பின்னணிப் பகுதியில் வாசகரை நிறுத்தி வைப்பது இந்த அம்புகள்தான், நான்கைந்து கிடைத்தால் போதும்.

வெற்றுக் கட்டம் மூன்று வகை

இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த படி இது, மாணவர்கள் அவசரப்படுவதும் இங்கேதான். புள்ளியே இல்லாத கட்டத்தைக் கண்டதும் "ஆய்வு இடைவெளி கிடைத்துவிட்டது" என்று மகிழ்ந்துவிடுகிறார்கள்.

உயிர்வழிக் கவர்பொருட்களில் சைட்டோசனை மட்டும் எடுத்து, பேசிக் சாய நெடுவரிசையைப் பாருங்கள். புள்ளிகள் மிகக் குறைவாக இருக்கும். காரணம் யாரும் நினைக்காமல் விட்டது அல்ல. நேர்மின்னேற்றம் பெறும் பொருளுக்கு நேர்மின்னேற்றச் சாயத்தின் மேல் நாட்டம் மிகக் குறைவு. வேதியியலே மூடிவைத்த கதவு அது. அங்கே ஆய்வேடு எழுதப் போனால், பொருளை மாற்றியமைத்தாக வேண்டும், அப்போது கேள்வியே வேறாகிவிடும்.

இரண்டாவது வகை, ரிவ்யூ ஆசிரியர் பார்க்காததால் வெறுமையானது. அவருடைய காலத்துக்குப் பின் வந்தவையாக இருக்கலாம், அவர் தேடாத மொழியிலோ இதழிலோ இருக்கலாம். மூன்றாவது வகைதான் உண்மையான இடைவெளி: செய்ய முடியும், செய்தால் பயன் உண்டு, இன்னும் செய்யப்படவில்லை.

முதல் வகையை மூன்றாவதிலிருந்து பிரிக்க, "இங்கே ஏன் யாரும் போகவில்லை?" என்ற கேள்விக்குக் காரணம் சொல்லிப் பாருங்கள். மின்னேற்றம், கரைதிறன், விலை என்று ஏதாவது ஒரு காரணம் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டால் பெரும்பாலும் அது முதல் வகை. இரண்டாவது வகையைப் பிரிக்க ஒரு வழிதான் உண்டு, முன்னோக்கித் தேடுவது. கூகுள் ஸ்காலரில் க்ரினியின் கட்டுரைக்குக் கீழே `Cited by` என்பதை அழுத்துங்கள். ஆயிரக்கணக்கில் வரும், பயப்பட வேண்டாம். மேலே `Search within citing articles` என்ற பெட்டியில் டிக் போட்டுவிட்டு, உங்கள் சிவப்புக் கட்டத்தின் சொற்களைத் தட்டுங்கள்:

```
"coir pith" reactive dye salt
```

வருகிறவற்றின் சுருக்கத்தை மட்டும் பார்த்து, அதே கட்டத்தில் பச்சை மையால் புள்ளி வையுங்கள். அடுத்து, பின்னால் வந்த ஒரு ரிவ்யூவை எடுத்து அதன் அட்டவணைகளையும் பச்சையால் ஏற்றுங்கள். குப்தாவும் சுஹாஸும் 2009 இல் எழுதியது இந்தத் தலைப்பிலேயே உண்டு. இரண்டாவது ரிவ்யூவுக்கு அரை நாள்கூட ஆகாது, கட்டம் ஏற்கெனவே இருக்கிறதே.

நம் மாணவியின் தாளில் இப்படிச் செய்தபோது "கார்பன் × ரியாக்டிவ்" கட்டம் பச்சைப் புள்ளிகளால் நிரம்பிவிட்டது. முகம் வாடிவிட்டது. ஆனால் கீழ்க்கோடுகளைப் பாருங்கள் என்றேன். அத்தனை புள்ளிகளில் கோடு விழுந்தது இரண்டு. பருத்தியை ரியாக்டிவ் சாயத்தில் தோய்க்கும்போது லிட்டருக்குப் பத்துக்கணக்கான கிராம் உப்பு சேர்க்கிறார்கள். அந்த உப்பு கழிவிலும் வருகிறது. உப்பு சில பொருட்களில் மின்னிழுப்பை மறைத்துக் கவர்தலைக் குறைக்கும், சில கார்பன்களில் சாய மூலக்கூறுகளை ஒன்றுசேர வைத்துக் கூட்டவும் செய்யும். இரண்டுக்கும் தாள்கள் உண்டு, அம்பு போட்டிருந்தோம். அவளுடைய தலைப்பின் மூன்றாம் இடம், அதாவது நீர், அப்போதுதான் முழுதாக உறுதியானது.

மூலத்தாளுக்குப் போவது

எல்லாத் தாள்களையும் இறக்க வேண்டாம். சிவப்புக் கட்டத்தில் உள்ளவை, அம்புகளின் இரு முனைகள், வட்டம் போட்ட எண்களில் நீங்கள் பயன்படுத்தப்போகிறவை. பன்னிரண்டு முதல் பதினைந்து வரும். இவற்றை மூலத்திலேயே படித்தாக வேண்டும்.

ரிவ்யூவில் இருக்கும் மேற்கோளை அப்படியே நகலெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இத்துறையிலேயே ஒரு கதை இருக்கிறது. கவர்தலின் வேகத்துக்கு எல்லோரும் போடும் முதல்படிச் சமன்பாடு ஸ்டென் லாகர்கிரென் என்ற சுவீடன் நாட்டவருடையது. 1898 இல் ஜெர்மன் மொழியில் எழுதப்பட்டு, சுவீடன் அறிவியல் கழகத்தின் வெளியீட்டில் வந்தது. நூறாண்டுக்குப் பின் ஆயிரக்கணக்கானோர் அதை மேற்கோள் காட்டினார்கள், பெரும்பாலோர் ஒருவரைப் பார்த்து ஒருவர். ஆசிரியரின் பெயரும் இதழின் பெயரும் எத்தனை விதமாகச் சிதைந்திருக்கின்றன என்பதைக் காட்டவே ஒய்.எஸ். ஹோ 2004 இல் சயின்டோமெட்ரிக்ஸ் இதழில் ஒரு தனிக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. உங்கள் நூற்பட்டியலில் அந்தச் சிதைந்த வடிவம் இருந்தால், நீங்கள் மூலத்தைப் பார்க்கவில்லை என்பது விஷயம் தெரிந்த தேர்வாளருக்கு அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும். மூலம் கிடைக்கவே இல்லையென்றால், இன்னாரின் கட்டுரையில் காட்டியபடி என்று வெளிப்படையாக எழுதுங்கள். அதில் குறைவு ஒன்றுமில்லை.

கட்டத்திலிருந்து பத்திக்கு

ஒரு பத்தி என்பது ஒரு தாளைப் பற்றியது அல்ல, கட்டத்தின் ஒரு வரிசையையோ நெடுவரிசையையோ அம்பையோ பற்றியது. வித்தியாசத்தை நேரில் பாருங்கள். மாணவி முதலில் எழுதியது:

"நமசிவாயமும் கவிதாவும் (2002) நார்க்கழிவுக் கார்பனால் காங்கோ ரெட்டை நீக்கினர். கொள்ளளவு 6.7 மி.கி./கி. சியோவும் லீயும் (2002) சைட்டோசன் மணிகளைப் பயன்படுத்தினர்."

கட்டத்தைப் பார்த்துத் திருத்தி எழுதியது:

"எதிர்மின்னேற்றச் சாயங்களை அமிலச் சூழலில் நன்றாகப் பிடிக்கலாம் என்பதில் கார்பன் ஆய்வும் (நமசிவாயம், கவிதா 2002) சைட்டோசன் ஆய்வும் (சியோ, லீ 2002) ஒத்துப்போகின்றன, கொள்ளளவுகளை நேரடியாக ஒப்பிட முடியாவிட்டாலும். ஆனால் இரண்டும் தனிச்சாயக் கரைசலில் செய்யப்பட்டவை. காரமும் உப்பும் மிகுந்த சாயத்தொட்டிக் கழிவில் இந்தப் போக்கு நீடிக்குமா என்பது இவற்றிலிருந்து தெரியவில்லை."

தாள்கள் அதேதான். இரண்டாவதில் ஒரு கூற்று முன்னே வந்து, தாள்கள் அதற்குச் சான்றாகப் பின்னே நிற்கின்றன. கடைசி வாக்கியம் சிவப்புக் கட்டத்தை நோக்கி ஓர் அடி நகர்கிறது. பத்திகளின் வரிசையும் அப்படித்தான்: சிவப்புக் கட்டத்துக்குத் தொலைவில் உள்ளவை முதலில், சுருக்கமாக. அருகில் உள்ளவை கடைசியில், விரிவாக.

எழுதி முடித்ததும் இரண்டு சோதனை செய்யுங்கள். ஒவ்வொரு பத்தியின் முதல் சொல்லையும் கீழே அடுக்குங்கள். பாதிக்கு மேல் ஆட்களின் பெயராக இருந்தால் மீண்டும் பட்டியலுக்கே திரும்பியிருக்கிறீர்கள். பிறகு உங்கள் மேற்கோள்களின் வரிசையை ரிவ்யூவின் வரிசையோடு ஒப்பிடுங்கள். நாலைந்து பெயர்கள் அதே ஒழுங்கில் தொடர்ந்து வந்தால் அந்தப் பத்தி உங்களுடையது அல்ல. சொற்களை மாற்றியிருப்பதால் திருட்டு கண்டறியும் மென்பொருள் அதைப் பிடிக்காமல் போகலாம், ஆனால் அந்த ரிவ்யூவைப் படித்த தேர்வாளர் பிடித்துவிடுவார்.

ரிவ்யூ தராத ஒரு துண்டு

பிரான்சிலிருந்து 2006 இல் எழுதப்பட்ட கட்டுரைக்கு நொய்யலைத் தெரியாது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னதும், கழிவை வெளியே விடாமல் முழுதாகச் சுத்திகரித்து மறுபயன்படுத்த வேண்டும் என்ற விதியும் அதில் இருக்காது. நம் மாணவியின் ஆய்வு ஏன் உப்புநீரைப் பற்றியது என்பதற்கான காரணமே அந்த விதியில்தான் இருக்கிறது, நீரை மீண்டும் எடுக்க வேண்டும் என்றால் சாயத்தோடு உப்பையும் எதிர்கொண்டாக வேண்டுமே. இந்தத் துண்டுக்கு நீதிமன்ற ஆணையையும் மாசுக்கட்டுப்பாட்டு வாரிய ஆவணங்களையும் நேரடியாகப் பாருங்கள். ஏ3 தாளில் கட்டத்துக்கு வெளியே, சிவப்புக் கட்டத்துக்கு நேர் கீழே ஒரு பெட்டி போட்டு அதில் எழுதி வையுங்கள். அத்தியாயத்தின் முதல் பத்தி அந்தப் பெட்டியிலிருந்து வரும்.

அந்தத் தாளை மடித்துக் கோப்பில் வைத்துவிடாதீர்கள். ஆய்வக மேசைக்கு எதிரே ஒட்டி, மாதம் ஒருமுறை அதே தேடலை மீண்டும் தட்டி, புதிதாக வந்தவற்றை மூன்றாவது நிற மையால் ஏற்றி, மூலையில் தேதியை மாற்றுங்கள். வைவாவுக்குப் போகும்போது அதையே சுருட்டிக் கையில் எடுத்துச் செல்லுங்கள். என் மாணவி அப்படித்தான் போனாள். "உங்கள் வேலைக்கு நேர் முன்னால் நிற்பது எது?" என்ற கேள்வி அவளுக்கும் வந்தது. தாளை விரித்து, சிவப்புக் கட்டத்துக்குள் கோடு போட்ட இரண்டு புள்ளிகளில் விரலை வைத்தாள்.